காப்ஸ்யூலை நாமே நிரப்பும்போது காபி தண்ணியாக வந்தால்

காபித் தூள் அடைத்த சின்னக் காப்ஸ்யூலைப் போட்டுக் காபி எடுக்கும் மெஷினால் சேரும் குப்பையைக் குறைக்க நல்ல வழி, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய ஸ்டீல் காப்ஸ்யூல்தான். அலுமினியம் காப்ஸ்யூலையும் மறுசுழற்சி செய்யலாம், ஆனால் அது மிகச் சிறியது என்பதால் சாதாரணக் குப்பை பிரிக்கும் இயந்திரத்தில் நழுவிப் போய்விடும்; நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அதில் கொடுப்பதுதான் பலன் தரும். மக்கும் காப்ஸ்யூல்களிலும் பல, தொழிற்சாலை உரக்கிடங்கின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும்.

ஸ்டீல் காப்ஸ்யூல் வாங்கிய பலர் காபி தண்ணியாக இருக்கிறது என்று அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அரைத்த பதம். நெஸ்பிரெஸ்ஸோ நிறுவனத்தின் ஒரிஜினல் வகை மெஷினுக்கான காப்ஸ்யூலில் சுமார் 5 கிராம் தூள்தான் பிடிக்கும், அதனால் தூள் எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைப்பதுபோல நைசாக இருக்க வேண்டும். நிரப்பி, மேலே சமப்படுத்தி, லேசாக அழுத்துங்கள், விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஓரமாகக் கசியும்.

40 மில்லி காபி பத்தே விநாடியில் கொட்டிவிட்டால் இன்னும் நைசாக அரையுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்து மெஷின் திணறினால் உடனே நிறுத்தி, அடுத்த முறை கொஞ்சம் கரடாக அரைத்து, தூளை அழுத்துவதையும் குறையுங்கள். அப்புறம், ஆறியதும் உடனே கழுவுங்கள், காய்ந்த தூள் சல்லடைத் துளைகளை அடைத்துவிடும்.

நெஸ்பிரெஸ்ஸோவின் இன்னொரு வகையான வெர்ட்டுவோ மெஷின், காப்ஸ்யூலின் விளிம்பில் உள்ள பார்கோடைப் படித்துத்தான் இயங்கும், அதற்கு இந்த ஸ்டீல் காப்ஸ்யூல் பொருந்தாது, வாங்கும் முன் மாடலைப் பாருங்கள்.