டவரை விட்டு மினி பிசிக்கு மாறியது

வீட்டில் ஒரு மூலையில் மேசை போட்டு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். பழைய டவர் கம்ப்யூட்டரோடு பெரிய தொல்லை மின்வெட்டுதான். கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது. பேட்டரியை மாற்றியும் பெரிய வித்தியாசமில்லை. வாட் மீட்டர் வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது: டவரும் மானிட்டரும் சும்மா இருக்கும்போதே 95 வாட் இழுத்தன.

திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய ஆல்-இன்-ஒன் வாங்கத்தான் முதலில் நினைத்தேன். மேசை சுத்தமாக இருக்கும். ஆனால் திரை பழுதானால் மொத்த இயந்திரமும் சர்வீஸுக்குப் போகும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் மினி பிசி வாங்கி, பழைய மானிட்டரையே வைத்துக்கொண்டேன். இப்போது இரண்டும் சேர்ந்து 35 வாட்டுக்குள். அதே யுபிஎஸ் அரை மணி நேரம் தாராளமாக நிற்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். சில மாடல்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. கழற்றி மாட்டும் ஸ்லாட் இரண்டு உள்ளதையே எடுங்கள். அடுத்தது, மானிட்டரின் பின்னால் மாட்ட நினைத்தால் அங்கே நான்கு திருகு துளைகள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். என் மானிட்டரில் ஸ்டாண்டே அந்தத் துளைகளில்தான் உட்கார்ந்திருந்தது. அப்புறம் மேசைக்கு அடியில் மாட்டினேன், காற்றுத் துளை சுவரைப் பார்க்காதபடி திருப்பி.

தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும் அளவுக்குக் கனமான வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு டவர்தான் சரி.