ஒரு ஹதீஸோட சங்கிலியை எப்படி செக் பண்ணாங்க? புகாரீயோட முதல் ஹதீஸை வச்சு பார்ப்போம்

வாட்ஸ்அப்ல ஒரு ஹதீஸ் வந்தா உடனே "இது ஸஹீஹா?"ன்னு கேக்குறோம், ஆனா அந்த ஸஹீஹ்ங்கிற முடிவுக்கு எப்படி வந்தாங்கன்னு நிறைய பேருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச "செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே" ஹதீஸையே எடுத்துக்குவோம், புகாரீல நம்பர் 1.

படி 1: சங்கிலியைத் தனியா எழுதுங்க

ஹதீஸ்ல ரெண்டு பாகம். யார் யார்கிட்ட கேட்டாங்கங்கிற பெயர் வரிசை இஸ்னாத், சொல்லப்பட்ட விஷயம் மத்ன். இதுல இமாம் புகாரீ ஹுமைதீகிட்ட கேட்டார், அவர் சுஃப்யான் இப்னு உயைனாகிட்ட, அவர் யஹ்யா இப்னு ஸயீத்கிட்ட, அவர் முஹம்மத் இப்னு இப்ராஹீம்கிட்ட, அவர் அல்கமாகிட்ட, அல்கமா உமர் (ரலி) அவங்ககிட்ட. உமர் (ரலி) நபி (ஸல்) அவங்ககிட்ட கேட்டது.

படி 2: ஒவ்வொரு கண்ணியும் சேருதா?

அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு பேர் நிஜமாவே சந்திச்சாங்களான்னு பாக்கணும். புகாரீ பிறந்தது ஹிஜ்ரி 194, 16 வயசுல அம்மாவோடயும் அண்ணனோடயும் ஹஜ்ஜுக்குப் போய் மக்காவுலயே தங்கிப் படிச்சார். ஹுமைதீ மக்காக்காரர், இறந்தது 219ல, அப்ப சந்திப்பு சரி. ஹுமைதீ சுஃப்யானோட நெருங்கின மாணவர், சுஃப்யானும் மக்காவுலதான் இருந்தார். இப்படி ஒவ்வொரு ஜோடியா வருஷமும் ஊரும் வச்சுப் பாத்துக்கிட்டே போவாங்க.

அதோட எந்த வார்த்தைல சொன்னார்ங்கிறதும் முக்கியம். "ஹத்தஸனா", "ஸமிஃது"ன்னா நேர்ல கேட்டது. வெறும் "அன்" (அவரிடமிருந்து)னு வந்தா நடுவுல ஒருத்தரை விட்டிருக்கலாம், அப்படி விடுறதுக்குப் பேர் தத்லீஸ். சுஃப்யானுக்கே அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டுன்னு எழுதி வச்சிருக்காங்க, ஆனா இந்த சங்கிலில அவரும் "ஹத்தஸனா"ன்னுதான் சொல்றார், அல்கமாவோ "உமர் மிம்பர்ல நின்னு சொல்லக் கேட்டேன்"கிறார். ஒரு இடத்துலயும் ஓட்டை இல்லை.

படி 3: ஆள் எப்படி?

ரெண்டு கேள்வி: நேர்மையானவரா, ஞாபகம் உறுதியா? நல்ல மனுஷனா இருந்தா மட்டும் போதாது, தொழுகையாளியா இருந்தும் ஞாபகக் குறைவால பலவீனமானவர்னு எழுதப்பட்டவங்க நிறைய பேர்.

ஞாபகத்தை நேர்லயே டெஸ்ட் பண்ணிருக்காங்க. யஹ்யா இப்னு மயீன், அஹ்மத் இப்னு ஹன்பலோட சேர்ந்து கூஃபாவுல அபூ நுஐம்கிட்ட போனார். அவரோட 30 ஹதீஸை ஒரு தாள்ல எழுதி, பத்துக்கு ஒண்ணா அவருது இல்லாததை சொருகி வாசிச்சுக் காட்டினாங்க. அபூ நுஐம் ஒவ்வொண்ணையும் "இது என்னுது இல்லை"ன்னு பிடிச்சிட்டார், கடைசில இது யார் வேலைன்னு புரிஞ்சு யஹ்யாவை ஒரு உதை உதைச்சார். யஹ்யாவோ அந்த உதை என் பயணத்தை விட எனக்குப் பிரியமானதுன்னாராம், எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம் இது. இப்படிக் கிடைச்ச கருத்துகளைத்தான் பின்னாடி நூல்களா தொகுத்தாங்க: "ஸிகா" நம்பகமானவர், "ஸதூக்" உண்மையாளர் ஆனா ஞாபகத்துல ஒரு படி கீழ, "ளயீஃப்" பலவீனமானவர். நம்ம சங்கிலில எல்லாரும் ஸிகா, உமர் (ரலி) ஸஹாபி.

படி 4: மத்த வழிகளோட ஒப்பிடுங்க

ஆரம்பத்துல படிக்கிறவங்க தவற விடுறது இதைத்தான். உமர் (ரலி)ல இருந்து யஹ்யா இப்னு ஸயீத் வரைக்கும் இந்த ஹதீஸ் ஒவ்வொரு தலைமுறைலயும் ஒரே ஒருத்தர் வழியாத்தான் உறுதியா வருது, யஹ்யாவுக்கு அப்புறம்தான் ஏராளமான பேருக்குப் பரவுது. ஆக ஸஹீஹ் ஆகறதுக்கு ஆள் எண்ணிக்கை நிபந்தனை இல்லை.

இப்ப அப்துல் மஜீத்னு ஒருத்தர் இதே ஹதீஸை இமாம் மாலிக் வழியா, ஆனா வேற சங்கிலில சொல்றார்: ஸைத் இப்னு அஸ்லம், அதா இப்னு யஸார், அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி). இந்தப் பெயர்களைத் தனித்தனியா பாத்தா அவ்வளவும் பெரிய ஆட்கள், படி 2ம் 3ம் மட்டும் தெரிஞ்சவர் ரெண்டாவது ஆதாரம் கிடைச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டுருவார். ஆனா மாலிக்கோட மத்த மாணவர்கள் எல்லாரும் இதை யஹ்யா இப்னு ஸயீத் வழியாத்தான் சொல்றாங்க, இவர் ஒருத்தர்தான் மாத்தி சொல்றார். அதனால அபூ ஹாத்திம், தாரகுத்னீ மாதிரி அறிஞர்கள் இது அப்துல் மஜீதோட தவறுன்னு ஒதுக்கிட்டாங்க. அவர் பொய் சொன்னார்னு சொல்லலை, சங்கிலியைக் குழப்பிட்டார், அவ்வளவுதான். இந்த மாதிரி மறைஞ்சிருக்கிற குறைக்குப் பேர் இல்லத். ஒரே ஆசிரியரோட மாணவர்கள் சொன்னதைப் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் அது தெரியும்.

வீட்டுல நீங்களே ஒப்பிட்டுப் பாக்க ஒரு வேலை தர்றேன். புகாரீல இதே ஹதீஸ் ஏழு இடத்துல வருது. நம்பர் 1ஐயும் மாலிக் வழியா வர்ற 54ஐயும் எடுத்து வரிக்கு வரி பாருங்க, 54ல "யாருடைய ஹிஜ்ரத் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும்"னு ஒரு துண்டு இருக்கும், 1ல இருக்காது. விளக்கவுரை எழுதினவங்க அதுக்கே பக்கம் பக்கமா காரணம் தேடியிருக்காங்க.