பழைய இரும்பில் ஒரு கொக்கு: முதல் வெல்டிங் சிற்பம்

கல்லில் உளி தவறினால் போனது போனதுதான். வெண்கலத்தை வார்த்த பிறகு கொக்கின் காலை ஓர் அங்குலம் நகர்த்துவதும் பெரிய வேலை. வெல்டிங்கில் ஒட்டியதை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டலாம். 1918இல் பாரிஸ் அருகே ரெனோ தொழிற்சாலையில் வெல்டிங் கற்ற ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ், 1928இல் பிக்காசோவுக்கு இரும்பு வேலையில் துணை நின்றார். சிற்பம் செதுக்குவதிலிருந்தும் வார்ப்பதிலிருந்தும் விலகி, சேர்த்துக் கட்டுவதாக மாறியதில் அந்தக் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில், போர்க்கைதியாக வந்து தங்கிவிட்ட இத்தாலியச் சிற்பி எடோவார்டோ வில்லா எஃகை அப்படித்தான் கையாண்டார்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு கராஜில் நான் செய்த கொக்கையே எடுத்துக்கொள்வோம். உடலுக்கு உடைந்த ஷவலின் தகடு, கழுத்துக்கு சைக்கிள் செயின், கால்களுக்கு 10 மி.மீ. கம்பி, அலகுக்குப் பழைய கத்தரியின் ஒரு பாதி.

1. இரும்பைச் சோதியுங்கள். இதில் அவசரம் வேண்டாம். என் முதல் கொக்கைக் கார் பிரேக் டிஸ்க்கின் மேல் நேராக ஒட்டினேன். மறுநாள் காலையில் ஒட்டிய இடத்தை ஒட்டியே விரிசல் விட்டு, கால் கையோடு வந்துவிட்டது. டிஸ்க் வார்ப்பிரும்பு. வெல்டு ஆறும்போது அதன் ஓரம் கண்ணாடிபோல் கெட்டியாகி வெடிக்கும். கிரைண்டரை லேசாக வைத்துப் பாருங்கள்: சாதா எஃகில் மஞ்சள் பொறி நீளமாகப் பறக்கும், வார்ப்பிரும்பில் சிவந்த பொறி சீக்கிரமே அணையும். டிஸ்க்தான் பீடமாக வேண்டுமென்றால், 6 மி.மீ. எஃகுத் தகட்டை டிஸ்க்கின் ஓட்டைகளில் போல்ட் போட்டு முடுக்கி, கால்களை அந்தத் தகட்டில் ஒட்டுங்கள்.

துத்தநாகம் பூசிய துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும். செயினின் கிரீஸை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கூடவே கூடாது, மிச்சம் ஒட்டியிருந்தால் வெல்டிங் சூட்டில் நச்சுவாயு உண்டாகும்.

2. சிறு பொட்டுகள் மட்டும் வையுங்கள், முழு வெல்டு பிறகு. ஹெல்மெட், தோல் கையுறை, திறந்த கதவு, இவை இல்லாமல் தொடங்காதீர்கள். 2.5 மி.மீ. வெல்டிங் ராடு, 70 ஆம்பியர் அளவில் ஆரம்பிக்கலாம். ஷவல் தகடு மெல்லியது, கம்பி தடித்தது. அதனால் தீயைக் கம்பியின் பக்கம் காட்டி, உருகிய குழம்பைத் தகட்டுக்கு இழுங்கள். தகட்டில் ஓட்டை விழுந்தால் ஆம்பியரைக் குறையுங்கள்.

செயினை இரும்பு மேசையில் வளைத்துப் படுக்க வைத்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பொட்டு வையுங்கள். கழுத்து விறைத்து நிற்கும்.

3. சுற்றி வந்து பாருங்கள். பொட்டுகளோடு நிறுத்திவைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். என் கொக்கு முன்னால் சாய்ந்தது. கால்களின் பொட்டை வெட்டி, இரண்டு அங்குலம் முன்னே நகர்த்தினேன், நின்றுவிட்டது. அப்புறம்தான் முழு வெல்டு. அதையும் ஒரே பக்கமாக ஓட்டாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் சூடு கால்களை இழுத்துக் கோணலாக்கும்.

4. தட்டித் துடையுங்கள். கசடைச் சுத்தியால் தட்டிவிட்டு, வெல்டு தையல்களை மட்டும் தேயுங்கள். ஷவலின் தேய்ந்த விளிம்பைத் தொடாதீர்கள். அது ஷவல் என்று தெரிய வேண்டும், கொக்காகவும் தெரிய வேண்டும். டர்பன் கடற்காற்றில் துரு சீக்கிரம் ஏறும், அதனால் அன்றைக்கே மெழுகு தடவிவிடுங்கள்.