மார்ச் 31-இல் பில், ஏப்ரல் 3-இல் லாரி: சேல்ஸ் கட்-ஆஃப் ஆடிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனை சரியான வருடத்துக் கணக்கில் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் கட்-ஆஃப் டெஸ்ட். சி.ஏ. பயிற்சியில் ஆர்ட்டிக்கிளாக இருந்த காலத்தில் நான் செய்த டெஸ்ட் இப்படித்தான் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து பத்து பில், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து பத்து பில் எடுப்பேன். பில் தேதி மார்ச், லெட்ஜரில் பதிந்ததும் மார்ச் என்றால் ஒரு டிக். ஏப்ரலுக்கும் அப்படியே. இருபது டிக், ஒரு மணி நேர வேலை. ஒரு வருடம் சீனியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரக்கு எப்பப்பா போச்சு?" என்னிடம் பதில் இல்லை.

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் முதல் தவறு இதுதான். லெட்ஜர் தேதி பில்லிலிருந்துதான் வருகிறது. அவை இரண்டையும் ஒப்பிட்டால் பொருந்தாமல் போனால்தான் ஆச்சரியம். நாம் கண்டுபிடிக்க வேண்டியது, சரக்கு எந்த நாளில் வாங்குபவருடையதாக ஆனது என்பதை. வருவாய்க்கான கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 115 அதைக் கட்டுப்பாடு கைமாறுவது என்கிறது. ஏஎஸ் 9-ஐப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு அது உடைமையின் முக்கிய இடர்களும் பலன்களும் கைமாறுவது. எந்த விதி என்றாலும், சாதாரண சரக்கு விற்பனையில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்டரில் எழுதியிருக்கும் டெலிவரி நிபந்தனையைத்தான். எக்ஸ்-ஒர்க்ஸ் என்றால் பொதுவாக நம் தொழிற்சாலையிலேயே வாங்குபவரின் பொறுப்புக்குப் போய்விடும். எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன் என்றால் அவர் ஊரில் போய் இறங்கும்வரை பொதுவாக நம் சரக்குதான். தூத்துக்குடி வழியாக எஃப்.ஓ.பி. நிபந்தனையில் ஏற்றுமதி என்றால் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாள் போதாது, ஷிப்பிங் பில் தேதியும் போதாது. சரக்கு கப்பலில் ஏறியதாக பில் ஆஃப் லேடிங் சொல்லும் தேதியைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர் கட்டாயம் ஒன்று சொல்வார்: "சார், ஜிஎஸ்டி மார்ச்சிலேயே கட்டியாச்சு." அவர் பொய் சொல்லவில்லை. சரக்கை வெளியே அனுப்பும்போதோ அதற்கு முன்போ பில் போட வேண்டும் என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மார்ச் 30 தேதியிட்ட பில் ஜிஎஸ்டிக்குச் சரியாக இருந்துகொண்டே, அந்த வருடத்து விற்பனையாக எடுத்தது தவறாகவும் இருக்கலாம். வரி மார்ச் கணக்கிலேயே நிற்கட்டும். இரண்டுக்கும் வரும் வித்தியாசத்தை வருடாந்திர ஜிஎஸ்டி ஒப்பீட்டில் காட்டிக்கொள்ளலாம்.

சரி, சரக்கு போன நாளை எந்தக் காகிதம் சொல்லும்? பலர் இ-வே பில்லை எடுத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அதில் பகுதி-ஏ என்பது பில் விவரம், பகுதி-பி என்பது வண்டி விவரம். பகுதி-ஏ-வை மட்டும் நிரப்பி வைத்துவிட்டு, வண்டி கிடைத்த பிறகு 15 நாளுக்குள் பகுதி-பி-யை நிரப்ப முடியும். ஆகவே இ-வே பில் உருவான தேதி வண்டி கிளம்பிய தேதி ஆகாது. பகுதி-பி நிரம்பிய நேரம் கொஞ்சம் நெருங்கி வரும், ஆனால் அதுவும் சரக்கு போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது. நான் அதிகம் நம்புவது வாசலில் செக்யூரிட்டி எழுதும் கேட் ரிஜிஸ்டரை. விற்பனை இலக்கு என்ன, போனஸ் எவ்வளவு என்ற கவலை அவருக்கு இல்லை. வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதனுடன் லாரி கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான எல்.ஆர்., எஃப்.ஓ.ஆர். என்றால் வாங்குபவர் சீல் வைத்துத் தேதியோடு கையெழுத்திட்ட நகல், இவை சேர்ந்தால் கதை முழுதாகும். கையெழுத்து இருந்து தேதி இல்லாத நகல்கள் நிறைய வரும். அவற்றை டெலிவரிக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம், டெலிவரி நாளுக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது.

இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனம் என்றால் இன்னொரு வசதி உண்டு. பில்லில் `Ack Date` என்று ஒரு வரி அச்சாகும். அது அரசு போர்ட்டல் கொடுத்த தேதி, கிளையன்ட் மாற்ற முடியாது. பில் தேதி மார்ச் 31, `Ack Date` ஏப்ரல் 4 என்று இருந்தால் அதுவே குற்றம் ஆகிவிடாது. ஆனால் அந்த பில் உண்மையில் எந்த நாளில் உருவானது என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இரண்டாவது தவறு, கட்-ஆஃப் டெஸ்டை ஸ்டாக்கோடு சேர்த்துப் பார்க்காமல் விடுவது. என் கண்ணில் இதுதான் பெரியது, ஏனென்றால் தவறைக் கண்டுபிடித்த பிறகும் தொகையைத் தப்பாகச் சொல்லிவிடுவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் தயாரிப்பாளர், டெல்லி டீலருக்கு 200 மோட்டார், ஒன்று 6,000 ரூபாய், எஃப்.ஓ.ஆர். டெல்லி. பில் மதிப்பு 12,00,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,16,000. ஒரு மோட்டாரின் அடக்க விலை 4,500 என்றால் மொத்த அடக்கம் 9,00,000. பில் தேதி மார்ச் 30.

முதல் நிலைமை: லாரி மார்ச் 30 இரவே கிளம்பி ஏப்ரல் 5-இல் டெல்லி சேர்ந்தது. மார்ச் 31 அன்று ஸ்டாக் எண்ணியபோது மோட்டார்கள் வழியில் இருந்தன, ஆகவே எண்ணிக்கையில் இல்லை. இங்கே விற்பனையிலிருந்து 12 லட்சத்தை எடுக்க வேண்டும், வழியில் உள்ள சரக்கு என்று 9 லட்சத்தை ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். லாபம் 3 லட்சம் குறையும். விற்பனையை மட்டும் திருப்பிவிட்டு ஸ்டாக்கை மறந்தால், நாமே லாபத்தை 9 லட்சம் குறைத்துக் காட்டியவர்கள் ஆவோம்.

இரண்டாவது நிலைமை: பில் மார்ச் 30 தான், ஆனால் லாரி கிடைக்கவில்லை, சரக்கு கிளம்பியது ஏப்ரல் 3. மார்ச் 31 அன்று மோட்டார்கள் குடோனில் அடுக்கி இருந்தன, எண்ண வந்தவர்கள் அவற்றையும் எண்ணிவிட்டார்கள். இப்போது அதே 200 மோட்டார் விற்பனையிலும் இருக்கிறது, ஸ்டாக்கிலும் இருக்கிறது. திருத்தம் விற்பனையிலிருந்து 12 லட்சத்தை எடுப்பது மட்டுமே, ஏனென்றால் 9 லட்சம் ஏற்கனவே ஸ்டாக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. லாபம் 3 லட்சம் அல்ல, முழு 12 லட்சம் குறையும். அதே பில், அதே தொகை, ஆனால் நான்கு மடங்கு வித்தியாசம்.

எந்த நிலைமை என்று தெரிய, ஸ்டாக் எண்ணும் நாளிலேயே வேலை தொடங்க வேண்டும். அன்று வேலை முடியும்போது கடைசி பில் நம்பர், கடைசி கேட் பாஸ் நம்பர், கடைசி டெலிவரி சலான் நம்பர் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் போய்க் கேட்டால் அதே நம்பர்கள் கிடைக்கும் என்று உறுதி இல்லை. அப்புறம் எண்ணிக்கைத் தாளில் கணினி ஸ்டாக்கைவிடக் கையில் அதிகம் என்று வந்த பொருள்களைப் பாருங்கள். தயார் சரக்கில் 200 மோட்டார் அதிகம் என்று வந்து, யாரோ ஒருவர் அதை "எண்ணிக்கை வித்தியாசம்" என்று சரிசெய்து போயிருந்தால், அனுப்பாமல் பில் போட்டதன் தடம் அது. திருட்டு என்றால் சரக்கு குறையத்தான் செய்யும், அதிகமாகாது.

"கஸ்டமர்தான் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொன்னார்" என்ற பதிலும் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். பில் போட்டுவிட்டு சரக்கை நம்மிடமே வைத்திருக்க இண்ட் ஏஎஸ் 115 இடம் கொடுக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. அப்படி வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும், சரக்கு அவருடையது என்று தனியாக அடையாளம் தெரிய வேண்டும், உடனே அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும், அதை வேறொருவருக்குத் திருப்பிவிட முடியாததாக இருக்க வேண்டும். ஆகவே வருட முடிவுக்கு முன் தேதியிட்ட கஸ்டமரின் கடிதத்தைக் கேளுங்கள், குடோனில் அந்த மோட்டார்களின் சீரியல் நம்பர்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தனவா என்று பாருங்கள். ஏப்ரலில் அதே சீரியல் நம்பர்கள் வேறு டீலருக்குப் போயிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, சாம்பிளை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம் என்பது. மார்ச் லெட்ஜரிலிருந்து பில்லை எடுத்து கேட் ரிஜிஸ்டரில் தேடினால், முன்கூட்டியே பதிந்த விற்பனை மாட்டும். விடுபட்ட விற்பனை அந்த வழியில் ஒருநாளும் மாட்டாது, ஏனென்றால் அது லெட்ஜரிலேயே இல்லை. அதற்கு மார்ச் கேட் ரிஜிஸ்டரிலிருந்து தொடங்கி பில்லுக்கு வர வேண்டும், ஏப்ரல் பில்களை எடுத்து அவற்றின் சரக்கு மார்ச்சிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். சலானில் அனுப்பிவிட்டு ஏப்ரலில் பில் போட்டது இங்கேதான் தெரியும். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும் என்றாலும் எடை எங்கே என்பதை நிறுவனத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். வங்கிக்குக் கொடுத்த விற்பனை இலக்கு எட்டாமல் நிற்கும் நிறுவனம் ஏப்ரலை மார்ச்சுக்கு இழுக்கும். நல்ல வருடம் கண்டு வரியை நினைத்துக் கவலைப்படும் முதலாளி மார்ச்சை ஏப்ரலுக்குத் தள்ளுவார். வருவாயில் மோசடி அபாயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தொடங்கச் சொல்லும் ஆடிட் தரமான எஸ்ஏ 240-ஐயும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

"கடைசி ஐந்து நாள், முதல் ஐந்து நாள்" என்ற வழக்கமும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உள்ளூர் டெலிவரிக்கு அது போதும். டெல்லிக்கு ஒரு வாரம் ஓடும் லாரிக்கு மார்ச் 24-இலிருந்தே பார்க்க வேண்டும். எத்தனை நாள் என்பதை வழித்தூரம் முடிவு செய்யட்டும், பில்களைத் தொகை முடிவு செய்யட்டும். மார்ச் 31-இல் மட்டும் பெரிய பில்கள் குவிந்திருந்தால் அந்த நாளை முழுதாகவே எடுத்துவிடுவேன்.

கடைசியாக, ஏப்ரல் முதல் ஆடிட் முடியும் நாள்வரை வந்த கிரெடிட் நோட்டுகள். இவற்றை யாரும் ஆசையாக எடுப்பதில்லை. ஒவ்வொன்றிலும் மூல பில் நம்பரும் தேதியும் இருக்கும், மார்ச் பில்களைத் தொடுபவற்றை மட்டும் பிரித்தால் போதும். விலைக் குறைப்பு, பழுது என்றால் அது வேறு கணக்கு. முழுச் சரக்கும் திரும்பி வந்து, எல்.ஆர். நகலில் "ஆர்டர் இல்லை" என்று டீலர் எழுதியிருந்தால், விற்பனையே நடக்கவில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் அந்த ஒரு பில்லைத் திருத்திவிட்டுத் தாளை மூடிவிடாதீர்கள். அதே டீலர், அதே விற்பனைப் பிரதிநிதி, அதே வாரம் என்று பிடித்துக்கொண்டு மீதி பில்களையும் எடுத்துவிடுங்கள்.