பருப்புக் கடைசலுக்குத் தாளிப்பது எப்படி: கடுகு பொரிய வேண்டும், பூண்டு கருகக் கூடாது

கடுகையும் பூண்டையும் ஒரே தாளிப்பில் சேர்க்கும்போது புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், இரண்டுக்கும் வேண்டிய சூடு வேறு வேறாக இருப்பதுதான். கடுகு பொரிய எண்ணெய் ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே பூண்டைப் போட்டால் உள்ளே வேகும் முன்பே ஓரங்கள் கருகி, பருப்பு முழுவதும் கசப்பேறிவிடும். ஆகவே கடுகு பொரிந்த பிறகு, பூண்டைப் போடும் முன் எண்ணெயின் சூட்டைக் குறைக்க வேண்டும்.

அரை ஆழாக்குத் துவரம்பருப்பை வேகவைத்துக் கடைந்த கடைசலுக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, கால் தேக்கரண்டி சீரகம், நான்கைந்து பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஓர் இணுக்குக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயத்தூள் போதும். அனைத்தையும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எண்ணெய் காய்ந்த பிறகு பூண்டு உரிக்க நேரம் இருக்காது. கறிவேப்பிலையைக் கழுவியதும் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். பூண்டை இடித்துப் போடுவது வழக்கமாக இருந்தாலும், பழகும் வரை ஒரே கனத்தில் நறுக்கிப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. இடிக்கும்போது உதிரும் பொடித் துணுக்குகள் பெரிய துண்டுகள் சிவக்கும் முன்பே கருகிவிடும்.

முதல் படி: எண்ணெயைக் காயவைத்தல்

அகலமான வாணலி வேண்டாம். அதில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, கடுகு எண்ணெயில் மூழ்காமல் சுடும் இரும்பின் மேல் கிடந்து கருகும். குழிவான தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்கும். மிதமான தீயில் எண்ணெயைக் காயவைத்து, இரண்டு மூன்று கடுகுகளை மட்டும் போட்டுப் பாருங்கள். அவை அடியில் சும்மா கிடந்தால் இன்னும் காய வேண்டும். சுற்றிலும் சிறு குமிழிகள் எழுந்து, சில நொடிகளில் வெடித்தால் சூடு சரியாக இருக்கிறது. போட்டவுடன் வெடிக்காமலே கருத்துவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் கடுகு பொரியும் சூட்டை ஒட்டியே புகையத் தொடங்கிவிடுவதால், மெல்லிய புகை தெரிந்த கணமே கரண்டியை அடுப்பிலிருந்து தூக்கி, அரை நிமிடம் ஆறவிட்டு மீண்டும் சோதித்துப் பாருங்கள். எண்ணெய் கமறும் நாற்றம் வந்துவிட்டால் அதைக் கொட்டிவிடுவதே சரி. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் மட்டும் விடக் கூடாது, எண்ணெய் சிதறிக் கையைச் சுடும்.

இரண்டாம் படி: கடுகு

கடுகினுள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால்தான் அது வெடிக்கிறது. காயாத எண்ணெயில் போட்டால் அந்த ஈரம் மெதுவாக வெளியேறி, பொரியாத கடுகு பச்சைக் கசப்போடு பல்லில் கடிபடும். மீதிக் கடுகைப் போட்டு, ஒரு தட்டால் முக்கால் பாகம் மூடி, சடசடவென்ற ஓசையைக் கேட்டுக்கொண்டிருங்கள். ஓசை உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கும்போதே தீயை அணைத்துவிடுங்கள். கடைசிக் கடுகும் வெடிக்கட்டும் எனக் காத்திருந்தால் முதலில் வெடித்தவை கருகிவிடும்.

மூன்றாம் படி: பூண்டு

அடுப்பு அணைந்தாலும் இரும்புக் கரண்டி சூட்டை விடாது. சீரகத்தைப் போடுங்கள், அது நொடிப்பொழுதில் பொரிந்து மணக்கும். பத்துப் பதினைந்து நொடிகள் கழித்து ஒரு பூண்டுத் துண்டைப் போட்டுப் பாருங்கள். சீறிக் கொதிக்காமல் அமைதியாகக் குமிழியிட்டால் மீதியையும் போடலாம். பிறகு மிகச் சிறிய தீயில் கிளறிக்கொண்டே இருந்து, ஓரங்கள் வெளிர்மஞ்சளானதும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பெருங்காயத்தூளைத் தூவி, கடைசியாகக் கறிவேப்பிலையைச் சேருங்கள். இலையில் உள்ள நீர் எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொள்வதால், பூண்டு வேகமாகச் சிவக்கத் தொடங்கினால் அதை அடக்கவும் கறிவேப்பிலை உதவும்.

பூண்டு முழுப் பொன்னிறமாகும் வரை கரண்டியில் வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எடுத்த பிறகும் எண்ணெயின் சூட்டில் அது சிவந்துகொண்டே போகும் என்பதால், இளம்பொன்னிறத்திலேயே பருப்பில் கொட்டிவிட வேண்டும்.

இவ்வளவு வேகம் கைவராதவர்கள், காயாத எண்ணெயில் பூண்டைப் போட்டுச் சிறு தீயில் பொன்னிறமாக்கி, துணுக்கு ஒன்றும் தங்காமல் அரித்தெடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயை மேலும் காயவைத்துக் கடுகு பொரித்து, பருப்பில் கொட்டும்போது பூண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சற்று நேரம் கூடுதலாகும், ஆனால் எண்ணெயிலும் பூண்டின் மணம் இறங்கியிருக்கும். கொட்டியவுடன் பாத்திரத்தை இரண்டு நிமிடம் மூடி வைத்தால், எழும் மணம் ஆவியோடு போய்விடாமல் பருப்பில் தங்கும்.