இன்டர்வியூல நீங்களும் கேளுங்க: எனக்கு முன்னாடி இந்த வேலைய யாரு செஞ்சாங்க?

ஏ.எல் முடிச்சிட்டு ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் லீசிங் கம்பனி, ஷோரூம், ஹோட்டல்னு முதல் வேலைக்கு போற தம்பி தங்கச்சிகளுக்காக இத எழுதுறேன். நம்ம பிள்ளைங்க இன்டர்வியூக்கு போனா கேட்டதுக்கு பதில் சொல்லிட்டு "தேங்க்யூ சேர்"னு எழும்பி வந்துடுறாங்க, அந்த இடத்துல ஆளுங்க நின்னு வேலை செய்றாங்களா இல்ல வந்து வந்து ஓடுறாங்களான்னு பாக்குறதே இல்ல. அத எப்படி பாக்குறதுன்னு என் சித்தி மகன் தலவாக்கலையில இருந்து ஹட்டனுக்கு ஒரு லீசிங் கம்பனி ஃபீல்ட் ஒஃபிசர் வேலைக்கு போனத வச்சே சொல்றேன்.

முதல்ல, அரை மணித்தியாலம் முந்தி போங்க

பஸ் லேட்டாகும்னு மட்டும் இல்ல, வெளிய உக்காந்து பாக்குறதுக்குத்தான். தம்பி உக்காந்திருந்தப்ப மெனேஜர் ஒரு பையன கஸ்டமர் முன்னாடியே டார்கெட் எங்கன்னு சத்தம் போட்டிருக்கார், மத்த யாரும் தலைய நிமித்தி கூட பாக்கல. ஒரு நாள் கோவம் எல்லாருக்கும் வரும், ஆனா சுத்தி இருக்கவங்களுக்கு அது பழகிப்போயிருந்தா அது அங்க தினமும் நடக்குதுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கவங்ககிட்ட "அண்ணா, நீங்க இங்க எவ்வளவு காலமா?"ன்னு சாதாரணமா பேச்சு குடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ வருது.

ரெண்டாவது, அந்தக் கேள்வி

கடைசியில "ஏதாவது கேக்கணுமா?"ம்பாங்க. அப்ப மரியாதையா, "சேர், இது புது வேலையா, இல்ல ஏற்கனவே ஒருத்தர் செஞ்சதா? அவர் எவ்வளவு காலம் இருந்தாரு?"ன்னு கேளுங்க. நல்ல இடத்துல பதில் நேரா வரும்: அவருக்கு ப்ரமோஷன் கிடைச்சு கண்டி பிராஞ்சுக்கு போயிட்டாரு, இல்ல கல்யாணம் முடிச்சு ஊர் மாறிட்டாங்க, அந்த மாதிரி. தம்பிக்கு வந்த பதில், "இந்தக் காலத்து பொடியன்களுக்கு பொறுமை இல்ல, கஷ்டப்பட மாட்டானுங்க". ஒருத்தர பத்தி கேட்டா அவர் "பொடியன்கள்"னு பன்மையில சொல்றாரு பாருங்க, அப்ப போனது ஒருத்தர் இல்ல. போனவங்க எல்லார் மேலயும் குத்தம் சொல்ற மெனேஜர் நாளைக்கு உங்களையும் அப்படித்தான் சொல்லுவார்.

இப்ப கணக்கு போடுங்க

தம்பி வெளிய பேசினதுல ஃபீல்ட் ஒஃபிசர்ஸ் ஆறு பேர், அதுல நாலு பேர் வந்து ஒரு வருஷம் ஆகல, மிச்ச ரெண்டு பேர்தான் பழைய ஆளுங்க. அந்த பிராஞ்ச் தொடங்கி பல வருஷம். ஆறுல நாலு புதுசுன்னா வேலை கூடி ஆள் எடுத்தாங்களா, இல்ல ஆள் போய் ஆள் எடுத்தாங்களான்னு பாக்கணும், அதுக்கு "போன வருஷமும் ஆறு பேர்தானா சேர்?"ன்னு கேட்டா போதும். தம்பி கேட்டப்ப மெனேஜர் ஆமான்னார். அப்ப நாலு பேரும் போனவங்க இடத்துக்கு வந்தவங்க. ஆனா ஒண்ணு, பிராஞ்சே போன வருஷம்தான் திறந்ததுன்னா எல்லாரும் புதுசாத்தான் இருப்பாங்க, அத வச்சு தப்பா முடிவு எடுக்காதீங்க. சீசனுக்கு ஆள் எடுக்குற நுவரெலியா ஹோட்டலும் அப்படித்தான், அங்க ஏப்ரல் முடிய ஆள் குறையுறது வழக்கம்.

ப்ரொபேஷன்ல ஈ.பி.எஃப் இருக்கா?

நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். ஆறு மாசம் ப்ரொபேஷன், அது முடிஞ்ச பிறகுதான் ஈ.பி.எஃப்னு சொன்னா அது சட்டப்படி பிழை, முதல் நாள்ல இருந்தே கட்டணும். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபான்னு வைங்க, உங்க சம்பளத்துல 8% அதாவது 3,200 வெட்டுவாங்க, கம்பனி தன் பக்கமா 12% 4,800 போடணும், ஈ.டி.எஃப் 3% 1,200ம் கம்பனிதான் தனியா போடணும். அப்ப கம்பனிக்கு ஒரு ஆளுக்கு மாசம் 6,000, ஆறு மாசத்துக்கு 36,000. அந்தக் காசு கட்டாத இடத்துல ஆறு மாசத்துக்குள்ள ஆள் போனா அவங்களுக்கு லாபம், அதனால ஆள நிப்பாட்டி வைக்கணும்ங்கிற அக்கறையே இருக்காது.

அதோட ஓ.எல், ஏ.எல் சர்டிஃபிகேட் ஒரிஜினல வச்சுக்குவோம்னு சொன்னா குடுக்காதீங்க, காட்டிட்டு கொப்பி மட்டும் குடுங்க. ஆளுங்க ஓடுற இடத்துலதான் ஓடாம கட்டிப்போட ஒரிஜினல கேக்குறாங்க.

கடைசியா, கடிதத்த வீட்டுக்கு கொண்டு வாங்க

நியமனக் கடிதத்த உடனே சைன் பண்ணச் சொன்னா, "வீட்டுல காட்டிட்டு நாளைக்கு கொண்டு வரேன் சேர்"னு சொல்லுங்க. சொன்ன சம்பளத்துல எவ்வளவு அடிப்படை, எவ்வளவு கமிஷன், டார்கெட் வராட்டி என்ன வெட்டு, பெற்றோல் காசு யாரு, இது நாலும் எழுத்துல இருக்கான்னு பாருங்க. தம்பி கடிதத்துல பெற்றோல் பத்தி ஒரு வரியும் இல்ல, மஸ்கெலியா, நோர்வூட்னு தோட்டம் தோட்டமா சொந்த பைக்ல ஏறி இறங்கணும். அவன் போகல.

ஆனா வீட்டு நிலைமைக்கு வேலை கட்டாயம் வேணும்னா, இவ்வளவும் தெரிஞ்சே போறதும் தப்பில்ல. அப்படி போனா முதல் மாச சம்பள சீட்டுல ஈ.பி.எஃப் வெட்டு இருக்கா பாருங்க, வெட்டியிருந்தா அது உங்க பேர்ல கட்டப்பட்டிருக்கான்னு தொழில் திணைக்கள ஒஃபிஸ்ல கேளுங்க, வேற இடத்துக்கு அப்ளிகேஷன் போடுறத நிப்பாட்டாதீங்க.