மெய்ப்புக்குப் பதில் வராதபோது

திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். ஒரு மணப்பெண்ணின் அப்பாவுக்கு, அச்சடிக்கும் முன் சரிபார்ப்பதற்கான மெய்ப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தும் பல நாட்களாகப் பதில் இல்லை. "பார்த்தும் பதில் இல்லையே" என்று கேட்டால் அவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்திலேயே பலர் இன்னும் தள்ளிப்போடுகிறார்கள்.

அவரைப் பழைய செய்தியைத் தேட வைக்காமல், மெய்ப்பை மறுபடி இணைத்து எழுதினேன்:

"வணக்கம் சார். முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் மட்டும் பாருங்கள். சரியாக இருந்தால் 'சரி' என்று அனுப்பினால் போதும். வியாழன் மாலைக்குள் தெரிந்தால் சனிக்கிழமை அச்சாகிவிடும்; இல்லையென்றால் அடுத்த புதன்கிழமை. வீட்டில் இன்னும் பேச வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்."

அச்சகத்தில் உண்மையாகவே இருந்த நாட்களைத்தான் சொன்னேன். அவசரப்படுத்துவதற்காகப் பொய்க் கெடு வைத்தால், அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

அன்றிரவே பதில் வந்தது: தாத்தா பெயரை எந்த வரிசையில் போடுவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். பதில் வராதிருந்தால் மூன்றாவது செய்தி அனுப்பியிருக்க மாட்டேன். மாலையில் ஒருமுறை போன் செய்திருப்பேன். ஒப்புதல் இல்லாமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை.